ஒரே வாசலில் மூன்று வேலை: டிரக்கோமா மருந்துச் சுற்றுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

மருந்துப் பெட்டியோடு முதல் வாசலில் நிற்கும்போதே ஒரு கேள்வி வரும். "இந்த வீட்டில் யாருக்கும் கண்ணில் ஒன்றுமில்லையே, எதற்கு எல்லோருக்கும் மாத்திரை?" நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் தெரியாமல் வீடு வீடாகப் போனால், நான்காவது வீட்டிலேயே சோர்ந்துவிடுவீர்கள். அதனால் பதிலிலிருந்தே தொடங்குகிறேன்.

டிரக்கோமாவை உண்டாக்குவது கிளமிடியா டிரக்கோமாட்டிஸ் என்ற பாக்டீரியா. அது பெரும்பாலும் சின்னப் பிள்ளைகளின் கண்ணில்தான் குடியிருக்கிறது. பீளையிலும் மூக்குச்சளியிலும் வெளியே வந்து, விரல், துணி, ஈ ஆகியவற்றின் வழியாக அடுத்த கண்ணுக்குப் போகிறது. பல பிள்ளைகளுக்குக் கண் லேசாகச் சிவப்பதோடு சரி, அம்மாகூடக் கவனித்திருக்க மாட்டாள். ஒருமுறை தொற்றினால் பார்வை போய்விடாது. இதே தொற்று ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப வரும்போதுதான் மேலிமையின் உட்புறம் தழும்பேறுகிறது. தழும்பு சுருங்கச் சுருங்க இமையின் விளிம்பு உள்நோக்கி மடங்கும். இமைமுடிகள் கருவிழியை உரச ஆரம்பிக்கும். உரசி உரசிக் கருவிழி வெளுத்துப்போனால் இழந்த பார்வை திரும்பாது. ஐந்து வயதில் தொடங்கியது நாற்பது, ஐம்பது வயதில் இப்படி முடிகிறது.

ஆக, இன்று கண்ணில் பீளையோடு நிற்கும் ஒரு பிள்ளைக்கு மட்டும் மருந்து கொடுத்தால் அவள் குணமாவாள். ஆனால் அவளோடு ஒரே பாயில் படுக்கும் தம்பியிடமிருந்து சில வாரங்களில் அது திரும்பிவிடும். அந்தத் தம்பியின் கண்ணைப் பார்த்தால் எதுவும் தெரியாமலும் இருக்கலாம். வீடு, தெரு, ஊர், வட்டாரம் என்று எல்லோரிடமும் கிருமியை ஒரே சமயத்தில் குறைத்தால்தான் அது திரும்ப வரும் வழி அடைபடும். வாசலில் இதை இரண்டு வாக்கியத்தில் சொல்லலாம்: "இது உங்களுக்கு நோய் என்று கொடுக்கிற மருந்து இல்லை. ஊருக்குள் சுற்றுகிற கிருமியை ஒரே நேரத்தில் விரட்டுகிற மருந்து."

மருந்தோடு வேலை முடிவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 1990களிலிருந்து பரிந்துரைக்கும் திட்டத்தில் நான்கு பகுதிகள் உண்டு: மடங்கிய இமைக்கு அறுவை, கிருமிக்கு ஆன்டிபயாடிக், முகத் தூய்மை, தண்ணீரும் கழிப்பறையும் கிடைக்கும்படி சுற்றுப்புற மேம்பாடு. கடைசியானது அரசும் ஆண்டுகளும் எடுத்துக்கொள்ளும் வேலை. முதல் மூன்றும் உங்கள் கைக்கு எட்டியவை, அறுவை தேவைப்படுபவரைக் கண்டுபிடித்து அனுப்புவதையும் சேர்த்து ஒரே வாசலில் ஒரே வருகையில் செய்யக்கூடியவை. இந்தக் கட்டுரை அந்த ஒரு வருகையைப் பற்றியது.

வாசலுக்குப் போகும் முன்

உங்கள் வட்டாரத்தில் மருந்து கொடுக்கலாம் என்று முடிவானது ஒரு கணக்கெடுப்பை வைத்து. 1 முதல் 9 வயதுள்ள பிள்ளைகளின் மேலிமையைப் புரட்டி, உட்புறத்தில் அரை மில்லிமீட்டருக்குக் குறையாத வெள்ளைக் குமிழ்கள் ஐந்தாவது இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். 100 பிள்ளைகளில் 5 பேருக்குக் குறைவாக இருந்தால் ஊர் முழுக்கக் கொடுக்கும் மருந்து தேவையில்லை. 5 முதல் 10க்குள் என்றால் ஒரு சுற்று, 10 முதல் 30க்குள் என்றால் ஆண்டுக்கு ஒன்றாக மூன்று, 30ஐத் தாண்டினால் குறைந்தது ஐந்து. அதன் பிறகு மறுபடி கணக்கெடுப்பு. இந்த முடிவில் உங்களுக்குப் பங்கில்லை. ஆனால் "போன வருஷமும் வந்தீர்களே" என்று கேட்பவருக்குச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

உங்கள் பங்கு தொடங்குவது பதிவேட்டில். மருந்து கொடுக்கும் நாளுக்கு முன்பே வீடு வீடாகப் போய், நேற்றிரவு இந்த வீட்டில் யாரெல்லாம் தூங்கினார்கள் என்று கேட்டு எழுதுங்கள். "வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்டால் கைக்குழந்தையை விட்டுவிடுவார்கள், வேலைக்கு வந்து தங்கியிருக்கும் உறவுக்காரரை விட்டுவிடுவார்கள், சில வீடுகளில் மருமகளையே விட்டுவிடுவார்கள். தூங்கியவர்கள் என்று கேட்டால் தலை தலையாக எண்ணிச் சொல்வார்கள். ஊர் எல்லைக்கு அப்பால் நான்கைந்து குடிசைகள் இருக்கும். அவற்றை எந்த ஊர்க் கணக்கில் சேர்ப்பது என்று இரண்டு குழுக்களும் விட்டுவிடும். அவற்றை முதலிலேயே எழுதிவிடுங்கள். ஏன் என்பது மாலைக் கணக்கில் தெரியும்.

ஒரு வீடு

ஓர் உதாரண வீட்டை எடுத்துக்கொள்வோம். அறுபதைத் தாண்டிய பாட்டி, அவருடைய மகன், ஐந்து மாதக் கர்ப்பமாக இருக்கும் மருமகள், எட்டு வயதுப் பெண், நான்கு வயதுப் பையன். மகனின் தங்கை பிரசவத்துக்கு வந்து, நான்கு மாதக் குழந்தையோடு தங்கியிருக்கிறாள். ஏழு பேர்.

இந்தச் சுற்றில் கொடுக்கும் ஆன்டிபயாடிக்கின் பெயர் அசித்ரோமைசின். அதன் அளவு உடல் எடையில் கிலோவுக்கு 20 மி.கி., ஒரே வேளை, எவ்வளவு பருமனானவருக்கும் 1 கிராமுக்கு மேல் இல்லை. ஆனால் ஊர் முழுக்க எடை பார்க்கத் தராசைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. அதனால் உயரத்தை வைத்து அளவு சொல்லும் கோல் ஒன்று தருவார்கள். ஆளை நிற்கவைத்து, தலை எந்தக் கோட்டுக்கு வருகிறதோ அங்கே எழுதியிருக்கும் அளவைக் கொடுக்க வேண்டியதுதான். அந்தந்த நாட்டுப் பிள்ளைகளின் உயரம், எடைக்கு ஏற்பக் கோட்டைக் குறித்திருப்பார்கள் என்பதால், ஒரு திட்டத்தின் கோலை இன்னொன்றில் பயன்படுத்தாதீர்கள்.

கோல் தரையில் பட வேண்டும். பிள்ளை செருப்பைக் கழற்றி, குதிகால் கோலை ஒட்டி நிற்க வேண்டும். தலைமுடியை உச்சியில் கொண்டையாகக் கட்டியிருந்தால் அதை அழுத்திப் பாருங்கள். அற்ப விஷயம்போலத் தெரியும், ஆனால் சரிவான வாசலில் கோலை மேட்டிலும் பிள்ளையைப் பள்ளத்திலும் நிறுத்தினால் ஒரு கோடு முழுதாக மாறிவிடும்.

பெரியவர்களுக்கு 250 மி.கி. மாத்திரை நான்கு. பாட்டி, மகன், பிள்ளை பெற்ற தங்கை மூவருக்கும் அதேதான். கர்ப்பிணி மருமகளும் இதைச் சாப்பிடலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. சில திட்டங்களில் மட்டும் கர்ப்பிணிகளுக்குக் கண் களிம்பு தரச் சொல்வார்கள், பயிற்சியில் சொன்னதைப் பின்பற்றுங்கள். எட்டு வயதுப் பெண் 125 செ.மீ. இருக்கிறாள், சுமார் 25 கிலோ. கணக்குப்படி 500 மி.கி., அதாவது இரண்டு மாத்திரை.

நான்கு வயதுப் பையன் 100 செ.மீ. இவனுக்கு மாத்திரை கூடாது. 120 செ.மீட்டருக்குக் குறைந்தவர்களுக்கும், பெரியவராக இருந்தும் மாத்திரை விழுங்க முடியாதவர்களுக்கும் கரைசல்தான். 1,200 மி.கி. தூள் உள்ள குப்பியில் 15 மி.லி. சுத்தமான தண்ணீர் ஊற்றி நன்றாகக் குலுக்கினால் 30 மி.லி. கரைசல் வரும். ஒரு மி.லி.யில் 40 மி.கி. மருந்து. பையனின் எடை சுமார் 16 கிலோ என்றால் 320 மி.கி., அது 8 மி.லி. தண்ணீரைக் கண்ணளவில் ஊற்றினால் இந்தக் கணக்கு முழுவதும் பொய்யாகிவிடும், சிரிஞ்சால் அளந்தே ஊற்றுங்கள். கலக்கிய தேதியைக் குப்பியில் எழுதுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் எடுப்பதற்கு முன்பு குலுக்குங்கள், இல்லாவிட்டால் மருந்து அடியில் தங்கி, முதல் பிள்ளைக்கு வெறும் இனிப்புத் தண்ணீரும் கடைசிப் பிள்ளைக்குக் கெட்டி மருந்தும் போய்ச் சேரும்.

அப்புறம் கொடுக்கும் விதம். இந்த வேலையில் உயிர் போகிற அளவுக்கு ஆபத்தான இடம் ஒன்று உண்டென்றால் இதுதான், கிருமியால் அல்ல, நம் அவசரத்தால். அழுகிற பிள்ளையின் மூக்கைப் பிடித்து, தலையைப் பின்னால் சாய்த்து, வாயில் ஊற்றினால் மருந்து மூச்சுக்குழாய்க்குள் போய் அடைத்துக்கொள்ளும். இதை ஒருபோதும் செய்யாதீர்கள், தாய் செய்தாலும் தடுத்துவிடுங்கள். பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும் அல்லது நிற்க வேண்டும். அழுகை நிற்கும்வரை காத்திருந்து, கன்னத்தின் உட்புறமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, விழுங்கியதைப் பார்த்து அடுத்த மடக்கு. அடம் பிடிக்கிறானா? அடுத்த வீட்டை முடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள். விடாமல் மறுத்தால் மறுத்தான் என்று எழுதிக்கொள்ளலாம். இந்த மருந்தை ஒரு பிள்ளை ஒரு சுற்று தவறவிட்டால் அவனுக்கு அதனால் உடனே ஆபத்து எதுவும் இல்லை.

நான்கு மாதக் குழந்தைக்கு வாய்வழி மருந்தே இல்லை. ஆறு மாதத்துக்குக் கீழ் எல்லோருக்கும் 1 சதவீத டெட்ராசைக்ளின் கண் களிம்பு, இரண்டு கண்ணிலும், தினம் இரண்டு வேளை, ஆறு வாரம். பிறந்து சில வாரமே ஆன குழந்தைகளுக்கு அசித்ரோமைசின் கொடுத்தால், இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகும் வாய் தடித்து அடைத்துக்கொள்ளும் அபாயம் கூடுகிறது. இந்த வகை மருந்து ஒத்துக்கொள்ளாது என்று ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கும் களிம்புதான். குழாயைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். கீழிமையை மெல்லக் கீழே இழுத்து, குழாயின் முனை கண்ணில் படாமல் களிம்பை எப்படி விடுவது என்று தாய் ஒருமுறை உங்கள் முன்னாலேயே செய்துகாட்டட்டும்.

ஒரு காலத்தில் ஊரில் எல்லோருக்கும் இந்த ஆறு வாரக் களிம்புதான் வழி. அது எரியும், பார்வையை மங்கலாக்கும், இரண்டாவது வாரத்தில் குழாய் எங்காவது மூலையில் கிடக்கும். 1993இல் காம்பியாவில் நடந்த ஆய்வு ஒன்று, ஒரே வேளை அசித்ரோமைசின் அந்த ஆறு வாரத்துக்கு ஈடான பலனைத் தருகிறது என்று காட்டிய பிறகுதான் ஊர் முழுக்க மருந்து என்பது நடக்கிற காரியமானது. இந்த மருந்து உடல் திசுக்களில் நாள்கணக்கில் தங்கியிருப்பதால் ஒரு வேளையே போதுகிறது. ஆனால் அந்த ஒரு வேளையை உங்கள் கண் முன்னால் விழுங்க வேண்டும். "வயலில் இருக்கிறார், கொடுத்துவிட்டுப் போங்கள், சாயங்காலம் சாப்பிடுவார்" என்று மகனுக்காகக் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே இடத்தைக் காலியாக விட்டு, எப்போது வீட்டில் இருப்பார் என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

சிலருக்குக் குமட்டல், வயிற்றுவலி, பேதி வரலாம், பெரும்பாலும் ஒரே நாளில் அடங்கிவிடும். இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் போனால், அன்றிரவு ஒருவருக்குப் பேதியானது மறுநாள் காலைக்குள் "மருந்தால் ஊருக்கே ஆகவில்லை" என்று பரவிவிடும். வெறும் வயிற்றில் குமட்டுபவர்கள் சாப்பிட்டுவிட்டு விழுங்கலாம். முகம் வீங்கினால், மூச்சு வாங்கினால், உடம்பெல்லாம் தடித்தால் உடனே மேற்பார்வையாளருக்குச் சொல்லி மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். இதய நோய்க்கு மருந்து சாப்பிடுபவர் என்றால் கொடுக்கும் முன்பே மேற்பார்வையாளரிடம் கேளுங்கள்.

முகம்

மருந்தை விழுங்க வந்து நிற்கும் பையனின் முகத்தை இப்போது பாருங்கள். முகத் தூய்மைக்கு இந்தத் துறையில் வைத்திருக்கும் அளவுகோல் மிக எளிது: கண்ணைச் சுற்றிப் பீளையும் மூக்கடியில் சளியும் இல்லாமல் இருந்தால் சுத்தமான முகம். மண்ணோ கரியோ ஒட்டியிருப்பது கணக்கில்லை, கிருமி பயணம் செய்வது பீளையிலும் சளியிலும்தான்.

வாசலில் சொற்பொழிவு வேண்டாம். ஒரு செம்புத் தண்ணீர் கேளுங்கள். தாயின் கையாலேயே பையனின் முகத்தைக் கழுவச் சொல்லுங்கள். முதலில் அவள் தன் கையைக் கழுவட்டும். பிறகு ஒரு கை தண்ணீரால் கண்ணோரம், உள்மூலையிலிருந்து வெளியே. அடுத்த கை தண்ணீரால் மூக்கு. அவ்வளவுதான், இரண்டு மூன்று கை தண்ணீரில் முடிந்துவிடும். தொலைவிலிருந்து தண்ணீர் சுமக்கும் வீடுகளில் முகம் கழுவக் குடம் தண்ணீர் போய்விடும் என்று நினைப்பார்கள். ஒரு செம்பில் எத்தனை முகம் கழுவலாம் என்று அங்கேயே செய்துகாட்டினால், எந்தச் சுவரொட்டியும் சொல்லாததை அது சொல்லிவிடும்.

துடைக்கும் இடத்தில்தான் எல்லாம் கெட்டுப்போகும். தாய் தன் முந்தானையால் பையனைத் துடைப்பாள், அடுத்து அதே முனையால் கைக்குழந்தையை. ஒரு முகத்தின் கிருமியை அடுத்த முகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு இதைவிட நேரான வழி இல்லை. துடைக்காமல் காற்றில் உலரவிடச் சொல்லுங்கள், அல்லது ஆளுக்கொரு துணி. தலையணை, போர்வைக்கும் இதே கதைதான்.

பீளை இருந்தால் ஈ வரும். கண்ணைச் சுற்றி மொய்க்கும் அந்த ஈ வகை, திறந்த வெளியில் கிடக்கும் மனித மலத்தில் முட்டையிட்டுப் பெருகுகிறது, மூடிய குழிக் கழிப்பறைக்குள் அதிகம் பெருகுவதில்லை. கழிப்பறை கட்டுவதைக் கண் நோய்த் திட்டத்தில் சேர்த்ததற்கு இதுதான் காரணம்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். முகம் கழுவுதலும் தண்ணீர் வசதியும் தொற்றை எவ்வளவு குறைக்கின்றன என்பதற்கான ஆதாரம், மருந்துக்கு இருப்பதைப் போல் வலுவானதல்ல. தான்சானியாவில் 1990களில் களிம்போடு முகம் கழுவுதலையும் தீவிரமாகச் சொல்லிக்கொடுத்த ஊர்களில் கடுமையான டிரக்கோமா குறைந்தது. ஆனால் எத்தியோப்பியாவின் அம்ஹாரா பகுதியில், தண்ணீர், கழிப்பறை, சோப்பு, அறிவுரை எல்லாம் சேர்த்துக் கொடுத்து மூன்று ஆண்டுகள் பார்த்த பெரிய ஆய்வில் கண் தொற்று குறையவில்லை. இதனால் முகம் கழுவுவது வீண் என்று நான் நினைக்கவில்லை. கிருமி அடர்த்தியாக இருக்கும் இடத்தில் தண்ணீர் மட்டும் போதாது என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். மருந்தின் இடத்தில் சோப்பை வைத்துவிடலாம் என்று யாராவது செலவைக் குறைக்கப் பார்த்தால், இந்த ஆய்வை நினைவூட்டுங்கள்.

பாட்டியின் கண்

மாத்திரை விழுங்கிய பாட்டி ஓரமாக உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். "கண்ணில் என்ன பாட்டி?" "ஒன்றுமில்லை, வெயில் கூசுது." இடுப்பில் செருகிய சுருக்குப்பையிலிருந்து சின்ன இடுக்கி ஒன்று எட்டிப் பார்க்கிறது.

அந்த இடுக்கிதான் அடையாளம். இமைமுடி கண்ணைக் குத்துபவர்கள் அதைத் தாங்களே பிடுங்கிப் பிடுங்கிப் பழகிவிடுவார்கள். மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம் என்றே தோன்றாது. நீங்கள் பெரியவர் ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டியது, "கண்ணில் முடி குத்துகிறதா? எப்போதாவது முடி பிடுங்கினீர்களா?" என்பதுதான். "கண்ணில் ஏதாவது நோய் உண்டா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள்.

பிறகு டார்ச். பாட்டியை நேராகப் பார்க்கச் சொல்லி, இமையைத் தொடாமல், பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் அடியுங்கள். மேலிமையின் ஒரு முடியாவது கண்விழியைத் தொட்டால் போதும், அல்லது அண்மையில் பிடுங்கிய முடியின் கட்டையான அடி தெரிந்தாலும் போதும், பெயரை எழுதிக்கொள்ளுங்கள். பிடுங்கியபின் முளைக்கும் முடி குட்டையாக, ஊசிபோல் இருக்கும், முன்பைவிட மோசமாகக் கீறும். கீழிமை முடி மட்டும் திரும்பியிருந்தால் டிரக்கோமாக் கணக்கில் அது சேராது, ஆனாலும் கண் மருத்துவரிடம் அனுப்பலாம். முடிவு செய்வது உங்கள் வேலையில்லை, சந்தேகம் என்றால் அனுப்பிவிடுங்கள். பத்துப் பேரை அனுப்பி மூன்று பேருக்கு இல்லை என்றானால் நஷ்டமில்லை.

ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம் வருகிறது, வாழ்நாள் முழுக்கச் சின்னப் பிள்ளைகளை இடுப்பில் சுமப்பவர்கள் அவர்கள் என்பது முக்கியக் காரணம். வாசலுக்கு வராமல் அடுப்படியிலேயே இருக்கும் பெண்கள்தான் தவறிப்போவார்கள். அங்கே போய்ப் பாருங்கள்.

மருந்து பாட்டியின் இமையை நிமிர்த்தாது. இதைத் தெளிவாகச் சொல்லாவிட்டால், "மாத்திரை சாப்பிட்டேன், இன்னும் குத்துதே" என்று இருந்துவிடுவார். தழும்பு தழும்புதான், அதற்கு அறுவைதான் வழி. அறுவை என்ற சொல்லைக் கேட்டதும் "கண்ணை வெளியே எடுப்பார்களா?" என்று பயப்படுவார்கள். நடப்பது இதுதான்: இமையில் மரத்துப்போகும் ஊசி போட்டு, விளிம்புக்கு மூன்று மில்லிமீட்டர் மேலே இமையின் உள்தட்டில் வெட்டி, விளிம்பை வெளிப்பக்கம் திருப்பித் தைப்பார்கள். கண்ணுக்குள் கத்தி போவதில்லை. பயிற்சி பெற்ற செவிலியரே சுகாதார நிலையத்தில் செய்யலாம். அன்றே வீட்டுக்குத் திரும்பிவிடலாம், கட்டு ஒரு நாள்.

ஊசி போட்டால் சுருக்கென்று வலிக்கும், இமை சில நாள் வீங்கும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். ஏற்கெனவே வெளுத்த கருவிழி இதனால் தெளிந்துவிடாது. மிச்சப் பார்வை காப்பாற்றப்படும், குத்துவது நிற்கும். பார்வை வந்துவிடும் என்று ஆசை காட்டி அனுப்பினால், ஏமாந்து திரும்பும் பாட்டி ஊரில் அடுத்த பத்துப் பேரைப் போகவிட மாட்டார்.

அறுவைக்குப் பிறகும் சிலருக்கு முடி மறுபடி திரும்பும். எத்தியோப்பியாவில் 1,000 பேரிடம் இரண்டு முறைகளை ஒப்பிட்டு 2016இல் வெளியான ஆய்வில், இமையின் உட்பக்கத்திலிருந்து மட்டும் வெட்டித் திருப்பியவர்களில் ஓராண்டுக்குள் 13 சதவீதத்தினருக்கும், முழு இமையையும் வெட்டித் திருப்பியவர்களில் 22 சதவீதத்தினருக்கும் திரும்பியது. அறுவை செய்தவருக்கு ஒரு வேளை அசித்ரோமைசின் கொடுப்பது இதைக் குறைக்கும் என்று வேறோர் ஆய்வு காட்டியிருக்கிறது. எப்படியானாலும், தையல் பிரிக்க ஒரு முறையும், மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் ஒரு முறையும் இமையைப் பார்க்க வேண்டும். அந்தத் தேதிகளை பாட்டியிடம் மட்டும் சொல்லாமல் மருமகளிடமும் சொல்லுங்கள், கூட்டிக்கொண்டு போகப்போவது அவர்தான்.

அறுவையே வேண்டாம் என்று உறுதியாகச் சொல்பவரும், ஒன்றிரண்டு முடி மட்டும் ஓரத்தில் திரும்பியவரும், சரியான இடுக்கியால் முறையாகப் பிடுங்கிக்கொண்டு காத்திருக்கலாம். பழைய, மழுங்கிய இடுக்கியால் பாதியில் முறித்துவிடுவதுதான் கெடுதல்.

மாலைக் கணக்கு

பதிவேட்டில் 640 பேர் உள்ள ஓர் ஊர் என்று வைத்துக்கொள்வோம். மாலையில் எண்ணினால் 530 பேர் மருந்து சாப்பிட்டிருக்கிறார்கள். 83 சதவீதம். இலக்கு 80, ஆகவே வேலை முடிந்தது என்று பெட்டியை மூடிவிடத் தோன்றும்.

மூடும் முன் 1 முதல் 9 வயது வரையிலான பெயர்களை மட்டும் தனியே எண்ணுங்கள். 200 பிள்ளைகளில் 146 பேர்தான். 73 சதவீதம். மற்ற 440 பேரில் 384 பேர் சாப்பிட்டதால் மொத்தக் கணக்கு அழகாகத் தெரிந்தது. கிருமி குடியிருப்பது பிள்ளைகளிடம், விட்டுப்போனதும் அவர்களையே. பகலில் ஆடு மேய்க்கப் போனவர்கள், அழுததால் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைத்தவர்கள், சிரிஞ்சைக் கண்டு ஓடி ஒளிந்தவர்கள். மறுநாள் விடிகாலையில், ஆடு அவிழ்க்கும் முன் அந்த 54 பிள்ளைகளின் பெயர்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போனால், அவர்களில் 38 பேர் கிடைக்கலாம். அப்போது பிள்ளைகள் 184, அதாவது 92 சதவீதம்.

இப்போது முதலில் சொன்ன அந்த எல்லைக் குடிசைகள். அங்கே 90 பேர் இருந்து, பதிவேட்டில் ஒருவரும் ஏறவில்லை என்றால், முதல் நாள் நிஜக் கணக்கு 730க்கு 530, 73 சதவீதம். தாளில் 83 என்றே இருக்கும். அடுத்த கணக்கெடுப்பில் "நன்றாகத்தானே கொடுத்தோம், ஏன் குறையவில்லை?" என்று தலையைச் சொறியும் இடங்களில், முதலில் சந்தேகப்பட வேண்டியது மருந்தையல்ல, இந்தப் பதிவேட்டைத்தான். கண்ணில் இருக்கும் இந்தக் கிருமிக்கு அசித்ரோமைசின் எதிர்ப்பு வந்ததாக இதுவரை உறுதியாகவில்லை. மூக்கிலும் தொண்டையிலும் வாழும் வேறு பாக்டீரியாக்கள் பழகிக்கொள்வது உண்மை, தேவையில்லாத இடத்தில் சுற்றுகளை நீட்டக்கூடாது என்பதற்கு அது போதுமான காரணம்.

சுற்று முடிந்த அடுத்த மாதமே ஒரு பிள்ளையின் இமையைப் புரட்டிப் பார்த்துக் குமிழ்கள் இருக்கின்றன என்று பதற வேண்டாம். கிருமி போன பிறகும் குமிழ்கள் மாதக்கணக்கில் நிற்கும். அதனால்தான் கடைசிச் சுற்றுக்குப் பின் குறைந்தது ஆறு மாதம் விட்டுக் கணக்கெடுக்கிறார்கள், 5 சதவீதத்துக்குக் கீழே வந்தால் மருந்தை நிறுத்தி இரண்டு ஆண்டுகள் கழித்து மறுபடி பார்க்கிறார்கள். அதற்குள் உங்கள் பதிவேட்டில் பெயர் எழுதிய பாட்டிகள் அறுவைக்குப் போனார்களா என்று அடுத்த வாரமே போய்க் கேளுங்கள். போகாதவரிடம் காரணத்தைக் கேட்டால், பெரும்பாலும் பயம் என்று சொல்ல மாட்டார். வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பார். அறுவை நடக்கும் நாளையும் மருமகள் வீட்டில் இருக்கும் நாளையும் ஒன்றாகப் பொருத்திக் கொடுத்தால் கிளம்பிவிடுவார்.